போய்விட்டவர்களிடமும் பத்து ரூபாய் வசூலிக்கும் கைடு

இது கொஞ்சம் நீளமான பதிவு. உள்ளே கணக்கு இருக்கிறது. பயப்பட வேண்டாம், என்னிடம் ஆறாம் வகுப்பில் படித்த பெருக்கலும் வகுத்தலும் போதும். ஒரு தாளும் பேனாவும் பக்கத்தில் வைத்துக்கொண்டு படித்தால் நல்லது.

ஒரு கைடோடு சண்டை போடத்தான் இதை எழுதுகிறேன். கைடின் பெயரைச் சொல்லப் போவதில்லை, பள்ளியின் பெயரையும் சொல்லப் போவதில்லை. பிளஸ் ஒன் படிக்கும் என் அக்கா பேத்தி, அந்தக் கைடின் ஒரு பக்கத்தைப் படம் எடுத்து வாட்ஸப்பில் அனுப்பியிருந்தாள். "பாட்டி, நான் போட்ட கணக்கு தப்பா?" என்று கூடவே ஒரு வரி. கேள்வி இதுதான்: கீழே உள்ள அட்டவணையில் விலை 50 ரூபாயிலிருந்து 60 ரூபாயாக உயரும்போது தேவையின் விலை நெகிழ்ச்சியை நடுப்புள்ளி முறையில் கணக்கிட்டு, மொத்த வருவாய் எப்படி மாறும் என்று விளக்குக. அவள் 1.22 என்று எழுதி, வருவாய் குறையும் என்றும் விளக்கியிருக்கிறாள். கைடில் விடை 1, வருவாய் மாறாது. திருத்தியவர் கைடைப் பார்த்துத் திருத்திவிட்டார். ஐந்துக்கு ஒரு மதிப்பெண்.

படத்தைக் கீழே போட்டிருக்கிறேன். கைபேசியில் சரியாகத் தெரியாதவர்களுக்காக எண்களை இங்கேயே எழுதிவிடுகிறேன். ஒரு கடையில் பழச்சாறு விற்கிறார்கள். முதலில் ஒரு கோப்பையின் விலை, அடுத்தது ஒரு நாளில் விற்கும் கோப்பைகள், கடைசியில் மொத்த வருவாய்.

ரூ.20 – 80 கோப்பை – ரூ.1600
ரூ.30 – 70 கோப்பை – ரூ.2100
ரூ.40 – 60 கோப்பை – ரூ.2400
ரூ.50 – 50 கோப்பை – ரூ.2500
ரூ.60 – 40 கோப்பை – ரூ.2400
ரூ.70 – 30 கோப்பை – ரூ.2100
ரூ.80 – 20 கோப்பை – ரூ.1600

படத்தில் இருக்கும் அட்டவணையை எப்படிப் படிப்பது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். இப்போது எல்லாப் பாடமும் படமாகத்தான் வருகிறது. அவள் அனுப்பிய படத்தில் 70 ரூபாய் வரிசை மேல் கட்டைவிரல் நிழல் விழுந்திருக்கிறது. அங்கே இருப்பது 30-ஆ 80-ஆ என்று தெரியவில்லை. ஊகிக்க வேண்டியதில்லை. மூன்றாம் பத்தியில் 2100 என்று தெளிவாக இருக்கிறது. 70-ஐ 80-ஆல் பெருக்கினால் 5600 வரும், 30-ஆல் பெருக்கினால்தான் 2100. ஆகவே 30. ஆனால் தலைப்பு வரியை வெட்டிவிட்டுப் படம் அனுப்பினால் இந்தத் தந்திரம் உதவாது. எது விலை, எது அளவு என்று மாற்றிப் படித்தாலும் பெருக்கல் தொகை அதேதான் வரும். நெகிழ்ச்சி மட்டும் தலைகீழாகிவிடும். இந்த அட்டவணையில் இரண்டு பத்தியிலும் ஒரே எண்கள்தான் வரிசை மாறி நிற்கின்றன என்பதால், மாற்றிப் படித்தது கண்ணுக்குக்கூடத் தெரியாது. அதனால் படம் எடுக்கும்போது தலைப்பு வரியோடு எடுங்கள்.

இப்போது கைடுக்கு வருவோம். மூன்றாம் பத்தியைப் பாருங்கள். 50 ரூபாய்க்கு வருவாய் 2500. 60 ரூபாய்க்கு 2400. நூறு ரூபாய் குறைந்திருக்கிறது. அதற்கு நான்கு விரல்கடை கீழே, அதே பக்கத்தில், "நெகிழ்ச்சி ஒன்றுக்குச் சமம், எனவே மொத்த வருவாய் மாறாது" என்று அச்சடித்திருக்கிறார்கள். தான் போட்ட அட்டவணையைத் தானே படிக்காத கைடு இது. அந்தப் பக்கத்தை வைத்து ஒரு பிள்ளைக்கு மதிப்பெண் குறைத்தவரும் படிக்கவில்லை.

எங்கே தப்பு நடந்தது? நெகிழ்ச்சி என்றால், அளவு எத்தனை சதவீதம் மாறியது என்பதை, விலை எத்தனை சதவீதம் மாறியது என்பதால் வகுப்பது. கைடு என்ன செய்தது? விலை 50-இலிருந்து 10 கூடியது, ஆக 20 சதவீதம். அளவு 50-இலிருந்து 10 குறைந்தது, அதுவும் 20 சதவீதம். இருபதை இருபதால் வகுத்து ஒன்று என்று எழுதிவிட்டது. இது தொடக்க மதிப்பை வைத்துப் போடும் கணக்கு. கேள்வியிலோ நடுப்புள்ளி முறை என்று கேட்டிருக்கிறது.

நடுப்புள்ளி முறையில், மாற்றத்தை இரண்டு மதிப்புகளின் சராசரியால் வகுக்க வேண்டும். 50-க்கும் 60-க்கும் சராசரி 55. பத்தை 55-ஆல் வகுத்தால் 18.18 சதவீதம். அளவில் 50-க்கும் 40-க்கும் சராசரி 45. பத்தை 45-ஆல் வகுத்தால் 22.22 சதவீதம். 22.22-ஐ 18.18-ஆல் வகுத்தால் 1.22. விலை ஏற அளவு இறங்குவதால் முன்னால் கழித்தல் குறி வரும். வழக்கப்படி அதை விட்டுவிட்டுப் பேசுகிறோம். 1.22 ஒன்றைவிடப் பெரிது. நெகிழ்ச்சி மிகுந்த தேவை. விலையை ஏற்றினால் வருவாய் குறையும். அட்டவணையும் அதைத்தான் சொல்கிறது. பேத்தி போட்டது சரி.

இதை எழுதிப் போட்டதும், இப்போது ஆசிரியராக இருக்கும் என் பழைய மாணவர்களில் இரண்டு பேர் தொலைபேசியில் வந்துவிட்டார்கள். ஒருவர் கேட்டார்: "டீச்சர், சதவீதம் என்றால் பழைய மதிப்பின் மேல்தான் போட வேண்டும் என்று எங்களுக்குச் சொல்லிக்கொடுத்ததே நீங்கள்தானே?" ஆமாம், நான்தான் சொல்லிக்கொடுத்தேன், அதில் ஒரு மாற்றமும் இல்லை. பத்து ரூபாய்ச் சீட்டு பன்னிரண்டு ரூபாய் ஆனால் அது 20 சதவீத உயர்வுதான். அங்கே பழையது எது, புதியது எது என்று தெளிவாக இருக்கிறது. நெகிழ்ச்சி கேட்கும் கேள்வி வேறு. இந்த இரண்டு வரிசைகளுக்கு இடையில் வாங்குபவர்கள் விலைக்கு எவ்வளவு அசைந்துகொடுக்கிறார்கள் என்று அது கேட்கிறது. அதற்கு மேலிருந்து பார்த்தாலும் கீழிருந்து பார்த்தாலும் ஒரே பதில் வர வேண்டும். திருச்சிக்கும் தஞ்சாவூருக்கும் உள்ள தூரம், போகும்போது ஒன்றும் வரும்போது ஒன்றுமாகவா இருக்கும்?

கைடின் வழியில் அப்படித்தான் ஆகிறது. 60-இலிருந்து 50-க்கு இறக்கிப் பாருங்கள். விலை 60-இல் 10 குறைவு, 16.67 சதவீதம். அளவு 40-இல் 10 கூடுதல், 25 சதவீதம். நெகிழ்ச்சி 1.5. ஏறும்போது 1, இறங்கும்போது 1.5. அதே கடை, அதே பழச்சாறு, அதே ஆட்கள். நடுப்புள்ளி முறையில் ஏறினாலும் இறங்கினாலும் 1.22.

இதைவிட மோசமான ஓர் உதாரணமும் இதே அட்டவணையில் இருக்கிறது. 40 ரூபாய் வரிசையையும் 60 ரூபாய் வரிசையையும் பாருங்கள். இரண்டிலும் வருவாய் 2400. ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. கைடின் வழியில் 40-இலிருந்து 60-க்குப் போனால் விலை 50 சதவீதம் கூடுகிறது, அளவு 33.33 சதவீதம் குறைகிறது, நெகிழ்ச்சி 0.67, ஆகவே "விலையை ஏற்றினால் வருவாய் கூடும்". 60-இலிருந்து 40-க்கு வந்தால் நெகிழ்ச்சி 1.5, ஆகவே "விலையைக் குறைத்தால் வருவாய் கூடும்". இப்படியே ஏறி இறங்கிக்கொண்டிருந்தால் கடைக்காரர் கோடீஸ்வரர் ஆகிவிடலாம் போலிருக்கிறது! நடுப்புள்ளி முறையில் விலை மாற்றம் 20-ஐ 50-ஆல் வகுத்தால் 40 சதவீதம், அளவு மாற்றமும் 20-ஐ 50-ஆல் வகுத்தால் 40 சதவீதம். நெகிழ்ச்சி சரியாக 1. வருவாய் மாறவில்லை. சொன்னதும் நடந்ததும் ஒன்று.

நடுப்புள்ளி முறை மட்டும் எப்படி எப்போதும் வருவாயோடு ஒத்துப்போகிறது? இதை யாரும் பிள்ளைகளுக்குச் சொல்வதில்லை. சூத்திரத்தை மனப்பாடம் செய்யச் சொல்லிவிட்டு விட்டுவிடுகிறார்கள். விலை ஏறும்போது கல்லாவில் இரண்டு காரியம் நடக்கிறது. வாங்குபவர்களிடமிருந்து ஆளுக்குப் பத்து ரூபாய் கூடுதலாக வருகிறது, இது ஆதாயம். சிலர் வாங்குவதை நிறுத்திவிடுகிறார்கள்; இது இழப்பு. விலை வித்தியாசம் 10-ஐச் சராசரி அளவு 45-ஆல் பெருக்குங்கள், ஆதாயம் 450. அளவு வித்தியாசம் 10-ஐச் சராசரி விலை 55-ஆல் பெருக்குங்கள், இழப்பு 550. கழித்தால் நூறு ரூபாய் நஷ்டம். அட்டவணையில் 2500 போய் 2400 ஆனதும் அதே நூறுதான். இப்போது இழப்பை ஆதாயத்தால் வகுத்துப் பாருங்கள். 550-ஐ 450-ஆல் வகுத்தால் 1.22!

நடுப்புள்ளி நெகிழ்ச்சி என்பது இவ்வளவுதான்: இழப்பு, ஆதாயத்தைப் போல எத்தனை மடங்கு. இழப்பு பெரிதாக இருந்தால் ஒன்றுக்கு மேல், வருவாய் குறையும். ஆதாயம் பெரிதாக இருந்தால் ஒன்றுக்குக் கீழ், வருவாய் கூடும். இரண்டும் சமமானால் ஒன்று. இது இந்த அட்டவணைக்கு மட்டும் பொருந்தும் தற்செயல் என்று நினைக்காதீர்கள். எந்த இரண்டு வரிசையை எடுத்தாலும் இப்படித்தான் வரும். இட்லிக் கடை வைத்திருக்கும் என் மாணவர்களுக்காக வேறு எண்களில் போடுகிறேன். ஒரு இட்லி 12 ரூபாய்க்கு 200 விற்கிறது, 15 ரூபாய்க்கு 170 விற்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஆதாயம்: 3-ஐச் சராசரி 185-ஆல் பெருக்கினால் 555. இழப்பு: 30-ஐச் சராசரி 13.50-ஆல் பெருக்கினால் 405. மிச்சம் 150. வருவாயை நேராகப் பாருங்கள்: 2400, பிறகு 2550. அதே 150. நெகிழ்ச்சி 405-ஐ 555-ஆல் வகுத்தால் 0.73. ஏற்றினால் வருவாய் கூடும் இடம் இது.

இனி கைடு செய்த காரியத்தை இதே கண்ணாடியில் பாருங்கள். கைடு ஆதாயத்தைப் பழைய அளவு 50-இன் மேல் போட்டது. 50 பேரிடம் பத்துப் பத்து ரூபாய், 500. இழப்பைப் பழைய விலையில் போட்டது. 10 கோப்பை, 50 ரூபாய், 500. சமம் என்று சொல்லிவிட்டது. ஆனால் விலை ஏறிய பிறகு கடையில் நிற்பது 40 பேர்தானே? மற்றப் பத்துப் பேர் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார்கள். போய்விட்டவர்களிடமும் ஆளுக்குப் பத்து ரூபாய் வசூலித்ததாக எழுதிக்கொண்டது கைடு. பத்துப் பேர், பத்து ரூபாய், நூறு. அட்டவணையில் காணாமல் போன அந்த நூறு ரூபாய் இதுதான்.

இன்னொருவர், "டீச்சர், 1 என்பதும் ஒரு வகையில் சரிதானே?" என்று கேட்டார். நல்ல கேள்வி. இந்த அட்டவணையில் விலை பத்துப் பத்தாக ஏற, அளவு பத்துப் பத்தாக இறங்குகிறது. கோடு போட்டால் நேர்கோடு. நேர்கோட்டில் தொடக்க மதிப்பை வைத்துக் கணக்குப் போட்டால், கிடைப்பது அந்தத் தொடக்கப் புள்ளிக்கு மட்டும் உரிய நெகிழ்ச்சி. 50 ரூபாய் என்ற ஒற்றைப் புள்ளியில் நெகிழ்ச்சி 1 என்பது உண்மை. அதன் பொருள், 50 ரூபாயில் வருவாய் உச்சியில் நிற்கிறது என்பது. மலை உச்சியில் நிற்பவர் எந்தப் பக்கம் பத்தடி எடுத்து வைத்தாலும் இறக்கம்தான். 60-க்குப் போனாலும் 2400, 40-க்குப் போனாலும் 2400. கேள்வி உச்சியைப் பற்றியது என்றால் 1 என்று எழுதலாம். கேள்வி 50-இலிருந்து 60 வரை நடந்த நடையைப் பற்றியது. அதற்கு 1 என்று எழுதி, கூடவே வருவாய் மாறாது என்றும் எழுதுவதை எந்த வகையிலும் சரி என்று சொல்ல முடியாது.

"இதெல்லாம் புதிதாகக் கிளப்பிய வழி" என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். ஆல்ஃபிரட் மார்ஷல் 1890-இல் வெளியிட்ட பொருளியல் நூலில் தேவை நெகிழ்ச்சியை விளக்கினார். மிகச் சிறிய விலை மாற்றத்துக்கு அவர் வழி கச்சிதமாகப் பொருந்தும். 50-இலிருந்து 51 ரூபாய்க்குப் போனால் கைடின் வழியில் 1, நடுப்புள்ளி வழியில் 1.02. யாரும் சண்டை போட மாட்டார்கள். விலை பத்து, இருபது என்று தாவும்போதுதான் அடிப்படையை எங்கே வைப்பது என்ற கேள்வி வருகிறது. இரண்டு புள்ளிகளுக்கு இடைப்பட்ட இந்த வில் நெகிழ்ச்சியைப் பற்றி ஆர்.ஜி.டி. ஆலன் 1934-இலேயே தனிக் கட்டுரை எழுதிவிட்டார். அட்டவணை என்பதே தாவித் தாவிப் போகும் எண்கள்தான். அங்கே நடுப்புள்ளியை விட்டுவிட்டுத் தொடக்கப் புள்ளியைப் பிடித்துக்கொள்ள ஒரு காரணமும் இல்லை.

நடுப்புள்ளி முறையையும் கண்ணை மூடிக்கொண்டு போட்டுவிடக் கூடாது. 20 ரூபாய் வரிசையையும் 80 ரூபாய் வரிசையையும் எடுத்துப் போட்டால் நெகிழ்ச்சி 1 என்று வரும். இரண்டு முனையிலும் வருவாய் 1600 என்பதால் விடை சரிதான். ஆனால் நடுவில் 2500 வரை போய் வந்த மலை முழுவதும் மறைந்துவிட்டது. அடுத்தடுத்த வரிசைகளாகப் போட்டால்தான் மலை தெரியும். 20-இலிருந்து 30-க்கு 0.33, பிறகு 0.54, 0.82, அதன்பின் 1.22, 1.86, கடைசியில் 3. ஒன்றுக்குக் கீழே இருந்த எண் ஒன்றைத் தாண்டும் இடம்தான் வருவாயின் உச்சி. ஒரே நேர்கோடு, ஒரே சாய்வு, ஆனால் நெகிழ்ச்சி 0.33-இலிருந்து 3 வரை போகிறது. "இந்தப் பொருளின் நெகிழ்ச்சி இவ்வளவு" என்று ஒற்றை எண்ணைச் சொல்லிவிட்டுப் போகிறவர்களிடம், "எந்த விலையிலிருந்து எந்த விலைக்கு?" என்று கேளுங்கள்.

கடை வைத்திருப்பவர்களுக்கு இன்னொன்று. வருவாய் வேறு, லாபம் வேறு. இந்தப் பழச்சாற்றில் ஒரு கோப்பைக்குப் பழம், சர்க்கரை, பனிக்கட்டி எல்லாம் சேர்த்து 20 ரூபாய் செலவு என்று வைத்துக்கொள்வோம். 50 ரூபாய்க்கு விற்றால் கோப்பைக்கு 30 மிச்சம், 50 கோப்பைக்கு 1500. 60 ரூபாய்க்கு விற்றால் கோப்பைக்கு 40 மிச்சம், 40 கோப்பைக்கு 1600. வருவாய் நூறு குறைந்தது, லாபம் நூறு கூடியது! ஏனென்றால் போன பத்துப் பேருக்குப் பழம் பிழிய வேண்டியதில்லை. நெகிழ்ச்சி கல்லாவில் விழும் பணத்தைப் பற்றி மட்டும் பேசும். அடக்கவிலையை நீங்கள்தான் கழித்துப் பார்க்க வேண்டும்.

கடைசியாக, ஆசிரியர்களாக இருக்கும் என் பிள்ளைகளுக்கு. விடைக்குறிப்பைக் கையில் எடுக்கும் முன்பு மூன்றாம் பத்தியைப் பாருங்கள். அந்தப் பத்தி இல்லாவிட்டால் விலையையும் அளவையும் பெருக்கி நீங்களே எழுதிக்கொள்ளுங்கள், ஒரு நிமிட வேலை. விலை ஏறும்போது வருவாய் குறையும் இடத்தில் விடை ஒன்றுக்கு மேல் இருக்க வேண்டும், கூடும் இடத்தில் ஒன்றுக்குக் கீழ். ஒத்துப்போகாவிட்டால் தப்பு விடைக்குறிப்பில்தான். நடுப்புள்ளி முறை என்று கேட்டுவிட்டுத் தொடக்க மதிப்பில் போட்ட விடைக்கு முழு மதிப்பெண்ணும், கேட்டபடி போட்ட பிள்ளைக்கு ஒரு மதிப்பெண்ணும் தருவது என்ன நியாயம்?

அக்கா பேத்தியிடம், நாளைக்கு விடைத்தாளை எடுத்துக்கொண்டு போய் ஆசிரியரிடம் பணிவாகப் பேசச் சொல்லியிருக்கிறேன். சூத்திரத்தைப் பற்றி வாதாட வேண்டாம், "சார், 2500 எப்படி 2400 ஆச்சு?" என்று மட்டும் கேள் என்றேன். இதே கைடு உங்கள் வீட்டுப் பிள்ளைகளிடம் இருந்தால், அந்தப் பக்கத்தில் 1 என்பதை அடித்துவிட்டு 1.22 என்று எழுதிக் கொடுங்கள். வேறு பக்கங்களிலும் இப்படி இருந்தால் படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள். தலைப்பு வரியோடு.